அழைப்பிதழுக்கு வழிப்படம் வரைவோமா?

ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது தேதியை மூன்று தடவை சரிபார்க்கிறோம். பிரமுகர் பெயரில் எழுத்துப்பிழை இருக்கான்னு நாலு பேர் பார்க்கிறோம். பின்பக்கத்தில் வரும் வழிப்படத்தை மட்டும் கடைசி நிமிடத்தில் யாராவது ஒருவர் கைப்பேசியில் கூகுள் மேப்பைத் திறந்து, திரையைப் படம் பிடித்து ஒட்டிவிடுவார். அச்சாகி வரும்போது அது சாம்பல் நிறத்தில் ஒரு சிலந்தி வலை மாதிரி இருக்கும். அதைப் பார்த்து யாரும் வழி கண்டுபிடித்ததில்லை.

"இப்போ எல்லாரும் வேஸ் போட்டுத்தானே வர்றாங்க, படம் எதுக்கு?" என்று கேட்கலாம். வேஸ் நல்ல உதவிதான். ஆனால் அது நம்மை ஒரு புள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறது. அந்தப் புள்ளி கோயில் வாசலிலா, மண்டபத்து வாசலிலா, பின்பக்கத்து வேலியிலா என்பது அதற்குத் தெரியாது. ஒரே ஊரில் இரண்டு மாரியம்மன் கோயில் இருந்தால் எது நம்முடையது என்பதும் தெரியாது. வேறு ஒரு மாவட்டத்தில் நடந்த திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு வேன், அதே பெயருள்ள இன்னொரு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வருவதற்குள் பதிவு நேரம் முடிந்துவிட்டது. மூன்று மாதம் பதிகம் மனப்பாடம் செய்த ஆறு பிள்ளைகள் மேடை ஏறவில்லை. அழைப்பிதழில் படம் இருந்தது. அதில் அந்த ஊரே இருந்தது, வழிதான் இல்லை.

அந்த வித்தியாசம்தான் இந்தப் பாடம். ஊர்ப்படம் வேறு, வழிப்படம் வேறு. எங்கள் கிளை நடத்திய ஒரு நாள் முகாமுக்கு நான் வரைந்த படத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: வரையாதீங்க, பட்டியல் போடுங்க

பென்சிலை எடுப்பதற்கு முன், விருந்தினர் எந்தெந்த இடத்தில் முடிவு எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். நேரே போகும் நாலு கிலோமீட்டரில் அவர் எந்த முடிவும் எடுப்பதில்லை. திரும்பும் இடத்தில்தான் எடுக்கிறார். ஆகவே படம் என்பது அந்தத் திருப்பங்களின் படம்தான்.

எங்கள் மண்டபம் ஒரு தாமானின் ஓரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. காரிலும் வேனிலும் வருகிறவர்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, டோல் கட்டி, பெரிய சாலையில் கிழக்கு நோக்கி 4 கிலோமீட்டர் வர வேண்டும். பெட்ரோல் நிலையம் உள்ள சமிக்ஞை விளக்கில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து 600 மீட்டரில் வலது பக்கம் தமிழ்ப்பள்ளி வரும். பள்ளியைத் தாண்டி 80 மீட்டர் போனால் வலது பக்கம் ஒரு லோரோங். அதில் நுழைந்து 120 மீட்டரில் இடது பக்கம் மண்டபத்தின் வாசல்.

இரயிலில் வருகிறவர்கள் வடக்கிலிருந்து நடந்து வருவார்கள். நிலையத்திலிருந்து தெற்கே 500 மீட்டர் நடந்தால் ஒரு சின்ன ஆற்றுப்பாலம். பாலத்திலிருந்து 150 மீட்டரில் அதே லோரோங், அவர்களுக்கு அது இடது பக்கம்.

இப்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். திரும்பும் இடம் வரப்போகிறது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? சரியாகத்தான் திரும்பினோம் என்று எது அவருக்குச் சொல்லும்? திரும்பாமல் தாண்டிப் போய்விட்டால் எதைப் பார்த்து அது தெரியவரும்?

முதல் இரண்டையும் எல்லாரும் ஓரளவுக்கு யோசிப்பார்கள். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. வழி தவறுவது பெரிய விஷயம் இல்லை, தவறியது தெரியாமல் அஞ்சு கிலோமீட்டர் போவதுதான் நேரத்தைத் தின்கிறது. எங்கள் லோரோங்கைத் தாண்டிப் போகும் காருக்கு ஆற்றுப்பாலம் வரும். ஆகவே படத்தில் பாலம் கட்டாயம் இருக்க வேண்டும், கார் அந்தப் பக்கமே போகத் தேவையில்லை என்றாலும். நடந்து வருகிறவர்களுக்கு இதே கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது. பாலம் அவர்களுக்கு முன்னறிவிப்பு. பள்ளியைப் பார்த்துவிட்டால் தாண்டிவிட்டார்கள் என்று பொருள். இரண்டே அடையாளம், இரண்டு பக்கத்தாருக்கும் உதவுகிறது.

இரண்டாம் படி: அடையாளத்தைச் சோதித்துப் பாருங்க

ஊர்க்காரர்கள் அடையாளம் சொல்லும் முறை வேறு. "பழைய தியேட்டர் இருந்த இடத்துல திரும்புங்க" என்பார்கள். அந்தத் தியேட்டர் இடிந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் நிற்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு காலி நிலம்.

அதனால் ஒவ்வோர் அடையாளத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் நிகழ்ச்சி நடக்கும் கிழமையில், நடக்கும் நேரத்தில். எங்கள் முகாம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. சனிக்கிழமை ராத்திரி போய்ப் பார்த்திருந்தால், திருப்பத்தில் இருக்கும் மாமாக் கடையைத்தான் முதல் அடையாளமாகப் போட்டிருப்பேன். வெளிச்சமும் கூட்டமுமாக அவ்வளவு எடுப்பாகத் தெரியும் கடை அது. ஞாயிறு காலையில் இரும்புக் கதவு இறக்கியிருக்கும். பத்துக் கடையில் அதுவும் ஒன்று. பசார் மாலாம் கடைகளும், கட்சிப் பதாகைகளும், "வீடு விற்பனைக்கு" பலகைகளும் இதே கதைதான். நிகழ்ச்சி நாளில் இருக்குமா, திருப்பத்துக்கு முன்னாலேயே கண்ணில் படுமா, இந்த இரண்டுக்கும் "ஆமாம்" வந்தால்தான் அடையாளம்.

இன்னொரு சோதனை, அதற்கு இரட்டை இருக்கிறதா என்பது. எங்கள் பெரிய சாலையில் இரண்டு பெட்ரோல் நிலையங்கள் இருக்கின்றன. முதலாவது டோலுக்குப் பக்கத்திலேயே. "பெட்ரோல் நிலையத்தில் இடது" என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் முதலாவதில் திரும்பிவிடுவார்கள். நல்லவேளையாக இரண்டும் வெவ்வேறு நிறுவனம். அதனால் படத்தில் பெயரைச் சேர்த்து எழுதினேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிகழ்ச்சி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜாலான் துன் சம்பந்தனில் கேஎல் சென்ட்ரல், துன் சம்பந்தன் என்று இரண்டு மோனோரயில் நிலையங்கள் இருக்கின்றன. "துன் சம்பந்தன் சாலை மோனோரயில் நிலையம்" என்று எழுதினால் அது எந்த நிலையம் என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். கோயில் நிர்வாகத்தில் ஓர் அண்ணன், "மூணாவது சிக்னல்ல லெப்ட் எடுக்கணும் தம்பி, அவ்ளோதான்" என்றார். போய் எண்ணிப் பார்த்தேன். சந்தைக்கு முன்னால், மக்கள் சாலையைக் கடப்பதற்கென்று ஒரு விளக்கு இருக்கிறது. யாராவது பொத்தானை அழுத்தினால்தான் அது சிவப்பாகும். அண்ணன் அதைச் சேர்க்கவில்லை. புதிதாக வருகிறவர் சேர்ப்பார். அவருக்கு மூன்றாவது விளக்கு வேறு இடத்தில் வந்துவிடும். எண்ணச் சொல்வதை விட, திருப்பத்தில் நிற்கும் ஒரு பொருளைக் காட்டுவது பாதுகாப்பு.

இந்தச் சோதனையில் எனக்கு வியப்பாக இருந்தது கோயில் கோபுரம்தான். எல்லாரும் முதலில் வரையச் சொன்னது அதைத்தான். ஆனால் கோயில் கிழக்கு பார்த்தது. நாம் லோரோங்கில் மேற்கிலிருந்து நுழைகிறோம். கோயிலின் பின்பக்கத்தில் உள்ள மண்டபம்தான் நமக்கு முதலில் வருகிறது. கோபுரத்தைத் தேடிக்கொண்டே வருகிறவர் மண்டபத்து வாசலைத் தாண்டிப் போய், கோபுரத்துக்கு முன்னால் லோரோங் முடியும் இடத்தில் நிற்பார். அங்கே வேனைத் திருப்ப இடமே இல்லை. ஆகவே ஊரிலேயே பெரிய அடையாளமாகிய கோபுரம், நம் படத்தில் "தாண்டிவிட்டீர்கள்" என்று சொல்லும் அடையாளமாகத்தான் வர வேண்டும். மண்டபத்துக்கு அடையாளம் அதன் பச்சை இரும்புக் கதவு.

மூன்றாம் படி: அளவை மறந்துடுங்க

பொறியியல் படிக்கிறவனுக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வரைபடம் என்றால் அளவு சரியாக இருக்கணும்னு முதல் வருஷத்திலிருந்தே தலையில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். A5 அழைப்பிதழின் பின்பக்கத்தில் படத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் உயரம். டோலிலிருந்து வரும் 4 கிலோமீட்டரை 10 சென்டிமீட்டரில் அளவுப்படி வரைந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 400 மீட்டர். அப்போது லோரோங்கின் 120 மீட்டர் வெறும் 3 மில்லிமீட்டர். எங்கே குழப்பம் வருமோ அந்த இடம் ஓர் அரிசி அளவுகூட இல்லை. ஒன்றுமே நடக்காத நேர்ச்சாலை படம் முழுக்க நீட்டிப் படுத்திருக்கும்.

ஆகவே தலைகீழாகச் செய்ய வேண்டும். 4 கிலோமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் போதும். நடுவில் இரண்டு சாய்கோடு போட்டுச் சாலையை வெட்டி, மேலே "4 கி.மீ." என்று எழுதுங்கள். "இந்த இடம் சுருக்கப்பட்டிருக்கிறது" என்பதற்கு அதுதான் குறி. பள்ளி, லோரோங், பாலம், மண்டபம் அடங்கிய கடைசிப் பகுதிக்குப் படத்தில் பாதிக்கும் மேல் கொடுங்கள். ஓரத்தில் "அளவுப்படி அல்ல" என்று சிறிதாகப் போட்டால் போதும்.

வளைவுகளையும் நிமிர்த்திவிடலாம். லண்டன் சுரங்க இரயில் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் வரைந்து, 1933-இல் பயணிகள் கைக்கு வந்த படம் அது. மின்சுற்று வரைபடம் மாதிரி எல்லாக் கோட்டையும் நேராகவும் 45 பாகைச் சாய்விலும் போட்டார். நிலையத்துக்கு நிலையம் உண்மையான தூரத்தைக் காட்டவில்லை. இரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த நிலையத்தில் மாற வேண்டும் என்பதுதான் தேவை, தண்டவாளம் எங்கே வளைகிறது என்பது இல்லை. 2001-இல் மனீஷ் அகர்வாலா, கிறிஸ் ஸ்டோல்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள், மனிதர்கள் கையால் கிறுக்கித் தரும் வழிப்படங்களைக் கவனித்து, அதே மாதிரி கணினியை வரைய வைத்தார்கள். நீளச் சாலையைச் சுருக்குவது, குட்டிச் சாலையை நீட்டுவது, வளைவை நேராக்குவது, இவைதான் அதிலும் அடிப்படை விதிகள். நம்ம தாத்தா சிகரெட் அட்டையின் பின்னால் வழி வரைந்து கொடுத்ததும் இப்படித்தான்.

ஒரு வளைவை மட்டும் நிமிர்த்தக் கூடாது. பெரிய சாலை வளைந்து போகும் இடத்தில், சின்னச் சாலை ஒன்று நேரே பிரிந்து போனால், ஓட்டுநர் நேரே போய்விடுவார். அந்த வளைவு ஒரு முடிவு எடுக்கும் இடம். அதைக் காட்டியே ஆக வேண்டும்.

நான்காம் படி: கோடும் அம்பும்

வடக்கை மேலே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படத்தில் பெரிய சாலை கீழே இடமிருந்து வலமாகப் படுத்திருக்கிறது. பள்ளிச் சாலை அதிலிருந்து மேலே ஏறுகிறது. உச்சியில் இரயில் நிலையம், அதற்குக் கீழே ஆறு. லோரோங் வலது பக்கம் பிரிகிறது. லோரோங்குக்கு மேல்பக்கத்தில் முதலில் மண்டபம், அதற்கும் வலது பக்கத்தில் கோயில்.

முதலில் பென்சிலில் தாளில் போட்டுவிட்டு, பிறகு பவர்பாயிண்ட்டில் வரையலாம். பக்க அளவை 12 க்கு 8 சென்டிமீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சாலையை இரட்டைக் கோடாகக் காட்ட ஒரு சுலபமான வழி இருக்கிறது. எல்லாச் சாலைகளையும் 14 புள்ளி கனத்தில் கறுப்புக் கோடாகப் போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் நகலெடுத்து, அதே இடத்தில் மேலே வைத்து, வெள்ளை நிறமாக்கி, 11 புள்ளிக்குக் குறையுங்கள். ஓரத்தில் கறுப்பு மட்டும் மிஞ்சி, சாலை தெரியும். சந்திப்புகளும் தானாகவே திறந்துகொள்ளும். வரிசைதான் முக்கியம். கறுப்பு எல்லாம் முதலில், வெள்ளை எல்லாம் பிறகு. ஒரு சாலையைக் கறுப்பும் வெள்ளையுமாக முடித்துவிட்டு அடுத்த சாலைக்குப் போனால், சந்திப்பின் குறுக்கே கறுப்புக் கோடு வேலி மாதிரி நிற்கும்.

பயன்படாத கிளைச் சாலைகளை விட்டுவிடுங்கள். பெட்ரோல் நிலையத்துக்கும் பள்ளிக்கும் இடையில் ஐந்து லோரோங் இருக்கின்றன. ஒன்றைக்கூட வரையவில்லை. பள்ளி வரும்வரை நேரே போ என்பதுதான் அங்கே சேதி. ஆனால் கடைசி அடையாளத்துக்கும் திருப்பத்துக்கும் நடுவில் ஏதாவது சந்து இருந்தால் அதைக் குட்டையாகவாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் அதிலேயே நுழைந்துவிடுவார்கள்.

இனி அம்பு. கார் வழிக்கு ஒரே தொடர்கோடு, சாலைக்கு நடுவில், 3 புள்ளி கனத்தில். அம்புத்தலை ஒவ்வொரு திருப்பத்துக்கும் சற்றுப் பின்னால் ஒன்று, முடிவில் மண்டபத்து வாசலைத் தொட்டு ஒன்று. அவ்வளவுதான். சந்திப்பிலேயே அம்புத்தலையை வைத்தால் திருப்பம் மறைந்துபோகும். நடந்து வருகிறவர்களின் வழி புள்ளிக்கோடு. ஒன்றைச் சிவப்பாகவும் இன்னொன்றைப் பச்சையாகவும் போடலாமே என்று தோன்றும். ஆனால் நம் அழைப்பிதழ்கள் பாதி, கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பள்ளிகளுக்குப் போகின்றன. அங்கே சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். கோட்டின் வகையை மாற்றினால் எந்த இயந்திரத்திலும் பிழைக்கும்.

படத்துக்குள் "இடது", "வலது" என்று எழுதாதீர்கள். எங்கள் லோரோங் காரில் வருகிறவருக்கு வலது, நடந்து வருகிறவருக்கு இடது. அம்பு இருவருக்கும் சரியாகச் சொல்கிறது, சொல் ஒருவரைக் குழப்புகிறது.

ஐந்தாம் படி: எழுத்தைக் குறையுங்க

எங்கள் படத்தில் மொத்தம் பதினொரு இடத்தில்தான் எழுத்து. மூன்று சாலைப் பெயர்கள், டோல், 4 கி.மீ., பெட்ரோல் நிலையம், தமிழ்ப்பள்ளி, ஆறு, கோயில், இரயில் நிலையம், மண்டபம். மண்டபம் மட்டும் கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து. கண் முதலில் அங்கே போய் நின்று, பிறகு பின்னோக்கி வழியைத் தேடும்.

சாலைப் பெயரை எந்த மொழியில் எழுதுவது? கிளையில் இதைப் பற்றிப் பெரிய பேச்சே நடந்தது. என் கருத்து, பெயர்ப்பலகையில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அப்படியே எழுத வேண்டும். ஓட்டுநர் அந்தப் பெயரை வாசித்து ரசிக்கப் போவதில்லை, பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார். இரண்டும் ஒரே உருவத்தில் இருந்தால் ஒரு நொடியில் முடியும். வேன் ஓட்டுநருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். பள்ளி, கோயில், ஆறு போன்றவற்றுக்குத் தமிழ் எழுத்தும் பக்கத்தில் ஒரு சின்ன உருவமும் போட்டால் போதும்: பள்ளிக்குக் கொடி, ஆற்றுக்கு இரண்டு அலைக்கோடு, கோயிலுக்குக் கோபுரம்.

எழுத்தின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தாளில் 8 புள்ளி எழுத்தை வாசித்துவிடலாம். ஆனால் இப்போது முக்கால்வாசிப் பேர் அழைப்பிதழை வாட்சாப்பில்தான் பார்க்கிறார்கள். 12 சென்டிமீட்டர் படம் கைப்பேசியில் 7 சென்டிமீட்டராகச் சுருங்கும். 8 புள்ளி எழுத்து அங்கே 5 புள்ளிக்கும் கீழே போய்விடும். 12 புள்ளியில் எழுதினால் 7 புள்ளியாக நிற்கும், கண்ணாடி போட்ட பாட்டிகூட வாசிப்பார். 12 புள்ளியில் பதினொரு பெயருக்கு மேல் இந்தப் படத்தில் இடம் கொள்ளாது. ஆக, எழுத்தைப் பெரிதாக்கினாலே பெயர்களைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

கடைசிப் படி: தெரியாதவரிடம் கொடுங்க

படம் சரியா என்று ஊர்க்காரரிடம் கேட்டால் "சூப்பர்" என்பார். அவருக்குத்தான் வழி தெரியுமே! கேட்க வேண்டியது அந்தப் பக்கமே வராதவரிடம்.

கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பாவிடம் தாளைக் கொடுத்து, டோலிலிருந்து ஓட்டச் சொன்னேன். வேஸ் கிடையாது. நான் பின் இருக்கையில் உட்கார்ந்து எங்கெங்கே வேகம் குறைகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். பெட்ரோல் நிலையத்தில் தயங்காமல் திரும்பினார். பள்ளி மதில் முடியும் இடத்தில் வேகம் குறைந்தது.

"என்னடா, இதுவா?"

"நீங்களே பாருங்க சித்தப்பா."

"ரோடு மாதிரித்தான் இருக்கு. படத்துல பள்ளிக்கூடத்துக்கு அடுத்து ஒண்ணுதானே இருக்கு?"

அவர் பார்த்தது ஆசிரியர்களின் கார் பள்ளிக்குள் நுழையும் வழி. தார் போட்டு, லோரோங் அளவுக்கே அகலமாக இருக்கும். வார நாளில் காவலாளி நிற்பார், ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு குட்டைச் சந்து வரைந்து, முனையைக் கோடு போட்டு மூடினேன். வாய்க்குள் வராத எத்தனையோ வார்த்தைகளை அந்தச் சின்னக் கோடு சொல்லிவிடுகிறது.

நடைவழிக்கு நான்காம் படிவத்தில் படிக்கும் ஒரு தங்கை இரயிலில் வந்து இறங்கினாள். பாலம், லோரோங் எல்லாம் சரியாகப் பிடித்தாள். ஆனால் நிலையத்திலேயே ஐந்து நிமிடம் நின்றுவிட்டாள். "அண்ணா, ரெண்டு பக்கமும் வெளியே போற வழி இருக்கு. எந்தப் பக்கம்னு படத்துல இல்லையே" என்றாள். புள்ளிக்கோட்டை நிலையத்தின் பெட்டியிலிருந்து தொடங்காமல், டாக்சி நிற்கும் வாசலிலிருந்து தொடங்கி, பக்கத்தில் ஒரு சின்ன கார் உருவம் வைத்தோம். எழுத்து கூடவில்லை.

இரண்டு பேர் போதும், ஒவ்வொரு வழிக்கும் ஒருவர். அவர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள், கேட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறாகத் திரும்பினால் மட்டும் இல்லை, சரியாகத் திரும்பினாலும் வேகம் குறைந்தால் அங்கே படத்தில் ஒரு குறை இருக்கிறது.

படத்தால் முடியாதவையும் உண்டு. பெரிய சாலையில் கிழக்குப் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் வருகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு மூன்றாவது அம்பு போட்டிருந்தால் மற்ற இரண்டும் சிக்கிப்போயிருக்கும். படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதினோம்: கிழக்கிலிருந்து வருகிறவர்கள் அதே பெட்ரோல் நிலையத்து விளக்கில் வலது பக்கம் திரும்பவும், மற்றது படத்தில் உள்ளபடி. அதற்கும் கீழே வேஸுக்கான கியூஆர் குறி, 2 சென்டிமீட்டர் சதுரத்தில். அந்தப் புள்ளியைக் கோயில் பெயரைத் தேடி எடுக்கவில்லை. பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, கைப்பேசியில் நான் நிற்கும் இடத்தையே எடுத்தேன். சாலை வேலை ஏதாவது நடந்து வழி மாறினால், நிகழ்ச்சிக்கு முதல் நாள் அந்த ஒரு திருப்பத்தை மட்டும் சொல்லி வாட்சாப்பில் சேதி அனுப்பலாம். படத்தையே திருத்தி மறுபடி அனுப்பினால், கையில் எந்தப் படம் இருக்கிறது என்பதே குழப்பமாகிவிடும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் படமாகச் சேமியுங்கள். 12 சென்டிமீட்டருக்கு அது சுமார் 1400 புள்ளி அகலம் வரும். அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மண்டபம் எது, எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது, இரண்டும் உடனே தெரிந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.